ஓகே ஆகாத வேலை ஆணியில் ஏறாது

எங்கள் பிரஸ் கோவில்பட்டி பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அப்பா காலத்தில் டிரெடில் மெஷினும் ஈய எழுத்துமாக இருந்த கடை. இப்போது பழைய டாமினன்ட் ஆஃப்செட் ஒன்று, ஒத்தைக் கலர். டெமி சைஸ் தாள் தாராளமாக ஓடும். டிரெடிலை விற்கவில்லை. பில் புக்குக்கு நம்பர் அடிக்கவும் பெர்ஃபரேஷன் போடவும் அது இன்னும் உழைக்கிறது. மெஷினில் ஒரு அண்ணன், பைண்டிங்கில் ஒரு அக்கா, கம்ப்யூட்டரிலும் கல்லாவிலும் நான். இவ்வளவுதான் எங்கள் படை.

2017 வரைக்கும் எங்களிடம் வரிசை என்று தனியாக எதுவும் கிடையாது. யார் முதலில் வந்தார்களோ அவர்கள் வேலை முதலில் ஓடும். நடுவில் யாராவது வந்து சத்தம் போட்டால் அவர் வேலை முன்னால் வரும். அது நியாயம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதத்துக்கு முப்பது, நாற்பது வேலை வரும் கடைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தது. ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஊரில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் எங்கள் படியேறினார்கள். பழைய பில் புக்கில் 11 இலக்க டின் நம்பர் இருந்தது. புதிதாக 15 எழுத்து ஜிஎஸ்டி எண் போட வேண்டும். சரக்கு விற்கிற கடைக்கு மூன்று பிரதி வேண்டும்: வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. வெள்ளை, ரோஸ், மஞ்சள் தாள். எல்லோருக்கும் நாளைக்கே வேண்டும்.

மெஷின் காலையிலிருந்து ராத்திரி பத்து மணி வரை ஓடியது. ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து வேலைக்கு மேல் தாண்டவில்லை. எனக்குப் புரியவே இல்லை. ஒரு கடைக்குப் பத்து புக் என்றால் ஒவ்வொரு நிறத்திலும் 500 பில். கால் டெமி சைஸ் பில் ஒரு டெமி தாளில் நான்கு விழும். அப்படியென்றால் நிறத்துக்கு 125 தாள், மொத்தம் 375 தாள்தான். மணிக்கு நாலாயிரம் வேகத்தில் ஓட்டினால் ஆறு நிமிடம்கூட ஆகாது. பிறகு நாள் முழுக்க என்னதான் நடக்கிறது?

மெஷின் அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, மெஷினு எங்க ஓடுது? நான்ல ஓடிக்கிட்டு இருக்கேன்" என்றார். கையில் கறுப்பும் சிவப்பும் கலந்து வழிகிற துணி.

மறுநாள் ஸ்டூல் போட்டு மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சுவரில் சாக்பீஸால் நேரத்தைக் குறித்தேன். அச்சுப் பிளேட் மாட்டி, தாளை அடுக்கி, தாளைப் பிடிக்கிற கிரிப்பரும் ஓரத்தை நேராக்குகிற சைடு லேயும் பார்த்து, வேஸ்ட் தாளில் நாற்பது ஓட்டி, தண்ணீரும் இங்க்கும் சமமாகி, எழுத்து கருக்காக விழ 20 நிமிடம். இது எந்த வேலைக்கும் ஆகிற நேரம், குறைக்க வழியில்லை. ஆனால் இங்க் மாற்றுவது வேறு கதை. பழைய இங்க்கை அதன் தொட்டியான டக்டிலிருந்து வழித்தெடுத்து, ரோலர் ஒவ்வொன்றாகச் சுற்றச் சுற்ற மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிளாங்கெட்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்து, புது இங்க் போட்டு அது எல்லா ரோலரிலும் பரவ வேண்டும். நீலத்திலிருந்து கறுப்புக்குப் போனால் 25 நிமிடம். கறுப்பிலிருந்து சிவப்புக்கு என்றால் 45 நிமிடம். ஏனென்றால் கறுப்பு இங்க் ரோலரின் ரப்பருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவை கழுவினால் ரோலர் சுத்தமாகத்தான் தெரியும். சிவப்பைப் போட்டு நூறு தாள் ஓடியதும் அது காய்ந்த ரத்தம் மாதிரி மங்கிவிடும். மறுபடி கழுவ வேண்டும். அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய மஞ்சள் இங்க் கொஞ்சத்தை ரோலரில் ஓடவிட்டு, ஒளிந்திருக்கும் கறுப்பை அது இழுத்துக்கொண்டதும் சேர்த்துக் கழுவுவார். அப்படிச் செய்தும் முக்கால் மணி நேரம்தான்.

அன்றைக்கு ஓடிய வேலைகளின் நிறம், வந்த வரிசைப்படி இது: நீலம், கறுப்பு, சிவப்பு, நீலம், மெரூன். அதோடு ராத்திரி ஆகிவிட்டது. அடுத்து கறுப்பு, சிவப்பு, நீலம் என்று மூன்று வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயின. எட்டையும் அதே வரிசையில் முடித்தால் ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் மூன்று, அடர்ந்த நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு வருகிறவை. சுவரில் கூட்டிப் பார்த்தேன். 45 நிமிடம் மூன்று தடவை, 25 நிமிடம் நான்கு தடவை, மொத்தம் 235 நிமிடம். நான்கு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறைவு. அவ்வளவும் மண்ணெண்ணெய் வாசத்தில் போகிற நேரம்.

அதே எட்டு வேலையை நிறப்படி அடுக்கினால்? காலையில் சுத்தமான ரோலரில் சிவப்பு இரண்டு. அடுத்து மெரூன் ஒன்று. சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மெரூனுக்குக் கெடுதல் இல்லை என்பதால் 15 நிமிடம் லேசாகக் கழுவினால் போதும். அப்புறம் நன்றாகக் கழுவி நீலம் மூன்று. கடைசியில் கறுப்பு இரண்டு. கழுவுவது 15, 25, 25 ஆக மொத்தம் 65 நிமிடம். கறுப்பு முடிந்ததும் ராத்திரி கடை அடைக்கும் முன் ரோலரை நிதானமாக இரண்டு தடவை கழுவி வைப்பது தனி. ஆனால் அது எப்படியும் தினமும் செய்கிற வேலைதான்.

கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் மிச்சம். இதைச் சொன்னபோது அண்ணன், "இத நான் உங்க அப்பாகிட்டயே சொன்னேன் தம்பி" என்றார். சொல்லியிருப்பார். அப்பா காதில் வாங்கியிருக்க மாட்டார், மாதம் முப்பது வேலைக்கு அது தேவையும் பட்டிருக்காது.

தாளும் இருக்கிறது. அந்த எட்டில் மெரூன் வேலை கல்யாணப் பத்திரிகை, தடித்த அட்டை. மற்றதெல்லாம் மெல்லிய மேப்லித்தோ. மெல்லிய தாளிலிருந்து அட்டைக்குப் போனால் ஃபீடரில் காற்றைக் கூட்ட வேண்டும், தாளை உறிஞ்சித் தூக்குகிற சக்கர் ரப்பரை மாற்ற வேண்டும், இரட்டைத் தாள் பிடிக்கிற கட்டையை ஏற்ற வேண்டும், பிரஷரைத் தளர்த்த வேண்டும். பத்து நிமிடம். திரும்பி வர இன்னொரு பத்து. நிறப்படி அடுக்கியதால் அட்டை நடுவில் மாட்டிக்கொண்டது. காலையிலேயே முதல் வேலையாக அட்டையை ஓட்டியிருந்தால் ஒரு மாற்றம் மிச்சம். ஆனால் அப்போது மெரூன் முதலில் வந்து சிவப்பு பின்னால் போகும். 15 நிமிடத்தில் முடிகிற கழுவல் 45 ஆகும். பத்து நிமிடத்தைக் காப்பாற்ற முப்பது நிமிடத்தைக் கொடுப்பது என்ன கணக்கு? அதனால் எங்கள் மெஷினில் முதலில் நிறம், அந்த நிறத்துக்குள் தாள். நீல வேலை மூன்று இருந்தால் அந்த மூன்றுக்குள் மெல்லியது முதலில், தடித்தது கடைசியில்.

இது எல்லா பிரஸ்ஸுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் நாலு கலர் மெஷின் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் மெஷினில் நான்கு இங்க்கும் எப்போதும் அதனதன் யூனிட்டிலேயே இருக்கும். அவருக்குக் கழுவுகிற தொல்லை அபூர்வம். ஆர்ட் பேப்பரா, அட்டையா, எந்த சைஸ் என்பதுதான் அவருக்கு நேரத்தைத் தின்கிறது. அவர் அடுக்கினால் தாள்தான் முதலில் வரும். உங்கள் மெஷினில் எதை மாற்ற அதிக நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் சாக்பீஸால் குறித்தால் தெரிந்துவிடும். நான் சொன்ன நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த நாளே சுவரில் நான்கு ஆணி அடித்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் மேலே அந்த இங்க்கையே ஒரு விரலால் தொட்டுத் தீற்றினேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பழுப்புக் கவர். கவரின் மேல் தாள், சைஸ், எத்தனை புக், என்றைக்கு வேண்டும். கவரை அந்தந்த நிற ஆணியில் குத்திவிட்டால் அண்ணன் காலையில் வந்து என்னைக் கேட்காமலே ஆரம்பித்துவிடலாம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? நிறமும் தாளும் ஒன்று என்றால் நான்கு கடை பில்லையும் ஏன் ஒரே பிளேட்டில் போடக் கூடாது? ஜவுளிக்கடை, ஹார்டுவேர், உரக்கடை, மெடிக்கல். நான்கும் நீலம், நான்கும் கால் டெமி, நான்கும் பத்து புக். ஒரு டெமி தாளில் ஆளுக்கு ஒரு கால். ஒரே பிளேட். வெள்ளை 500, ரோஸ் 500, மஞ்சள் 500 ஓட்டி வெட்டினால் நான்கு கடைக்கும் வேலை முடிந்தது. 'ஒரிஜினல் / டூப்ளிகேட் / டிரிப்ளிகேட்' மூன்றையும் ஒரே வரியில் போட்டுப் பக்கத்தில் கட்டம் விட்டுவிட்டால், மூன்று நிறத் தாளுக்கும் அதே பிளேட் செல்லும். நான்கு பிளேட் காசு ஒன்றாகிறது, நான்கு இருபது நிமிடம் ஒரு இருபது நிமிடமாகிறது. கணக்கு பிரமாதமாக இருந்தது.

சரிபார்க்கக் கொடுத்த ப்ரூஃப் மூன்று கடையிலிருந்து கையெழுத்தாகி வந்துவிட்டது. ஹார்டுவேர் கடை அண்ணாச்சி மட்டும் பாக்கி. போன் செய்தேன். கடையில் கூட்டம். "எல்லாம் சரியாத்தான் தம்பி இருக்கும். நீ பாத்தா சரிதான். அடிச்சிரு" என்றார். நான் பார்த்தால் சரி என்று அவர் சொன்னது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிளேட்டை சிவகாசிக்குச் சொல்லிவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள்.

வெள்ளை 500 முடிந்து, ரோஸ் 150 தாண்டியிருக்கும். அண்ணாச்சி போன். ப்ரூஃப் தாளை அவர் மகன் அப்போதுதான் பார்த்திருக்கிறான். ஜிஎஸ்டி எண்ணில் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் நான் '5' அடித்திருக்கிறேன். "நிறுத்து தம்பி, நிறுத்து!" என்று அவர் போட்ட சத்தத்தில் நானும் அண்ணனைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மெஷின் நின்றது.

இப்போது யோசித்தால், அந்த நாள் முழுவதிலும் நான் செய்த பெரிய தப்பு மெஷினை நிறுத்தியதுதான். தப்பு எண் தாளின் ஒரு கால் பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற மூன்று காலும் சரி. ரோஸ் 350-உம் மஞ்சள் 500-உம் அப்படியே ஓட்டியிருந்தால் கால் மணி நேரத்தில் மூன்று கடை வேலை முடிந்திருக்கும். தாளில் அண்ணாச்சியின் கால் பகுதியை மட்டும் வெட்டித் தூரப் போட்டிருக்கலாம். தூரப் போவது 850 தாளில் கால்வாசி, 212 தாள். அரை ரீம்கூட இல்லை. அப்புறம் அவருக்கு மட்டும் ஒரு பிளேட், 375 தாள், நீலம் மெஷினில் ஓடுகிற அடுத்த நாளில் கதை முடிந்திருக்கும்.

நான் செய்தது என்ன? பிளேட்டைக் கழற்றினேன். திருத்திய நான்கு கடை பிளேட்டை மறுபடி சிவகாசிக்குச் சொன்னேன். அது மறுநாள் காலை பஸ்ஸில்தான் வரும். மெஷினைச் சும்மா போட மனம் வராமல் கறுப்பு வேலையை ஏற்றச் சொன்னேன். மறுநாள் கறுப்பிலிருந்து நீலத்துக்குத் திரும்ப, இரண்டு தடவை கழுவினோம். புது பிளேட்டில் ரோஸ் 350, மஞ்சள் 500 ஓடின. ஆனால் அண்ணாச்சிக்கு முதல் நாள் ஓடிய 500 வெள்ளையும் 150 ரோஸும் தப்பு எண்ணோடு கிடந்தனவே? அவருக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பிளேட் போட வேண்டியதாயிற்று. ஜவுளிக்கடைக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டு, ஒரு நாள் பில் இல்லாமல் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். ஏன் என்று அவர் என்னிடம் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. வந்த வரிசையில் ஓட்டிய காலத்தில் ஒருவர் ப்ரூஃப் தப்பானால் அவர் வேலை மட்டும்தான் கெடும். வேலைகளைச் சேர்த்து அடுக்க ஆரம்பித்ததும் ஒருவர் தப்பு நாலு பேர் தலையில் விடிகிறது. ஒரே பிளேட்டில் போட்டால்தான் என்றில்லை. நீல ஆணியில் நாலு வேலை இருக்கிறது என்று நம்பி நீலத்தை ஏற்றுகிறோம். மாட்டிய பிறகு அதில் இரண்டுக்கு ப்ரூஃப் இன்னும் வரவில்லை என்றால், மெஷினில் நீலத்தை வைத்துக்கொண்டு கடைக்காரருக்குப் போன் போட்டபடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கழுவிவிட்டு, அந்த இரண்டுக்காகப் பிறகு மறுபடி நீலம் ஏற்ற வேண்டும். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே போய்விடும்.

அதனால் ஆணிக்கு முன்னால் ஒரு செருப்புப் பெட்டி வைத்தேன். வேலை வந்ததும் கவர் பெட்டிக்குள் போகும். ப்ரூஃப் கையெழுத்தாகி வந்த பிறகுதான் ஆணியில் ஏறும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆணியில் என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் பிளேட் சொல்லப்படும், அதிலிருந்துதான் மறுநாள் ஓடும். ஐந்தரைக்கு ஓகே சொன்னால் அடுத்த சுற்று. சொந்தக்காரர் என்றாலும் இதேதான். பெட்டியில் கிடக்கும் வேலைக்கு நான் தேதி சொல்வதே இல்லை. "நீங்க ஓகே சொன்ன நாள்லேருந்து ரெண்டு நாள் அண்ணாச்சி" என்பதோடு சரி. இப்படிச் சொல்ல ஆரம்பித்ததும் நான் போன் போட்டுத் துரத்துவது குறைந்தது. அவர்களே ப்ரூஃப் எங்கே என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

ஓகே வாங்குகிற விதத்தையும் மாற்றினேன். வாட்ஸப்பில் ப்ரூஃப் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும். அவர் படித்தாரா, வந்தது என்று தெரிவித்தாரா என்று அதில் தெரியாது. கடைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறவர்களும் பெயர் பெரிதாக இருக்கிறதா, சாமி படம் நடுவில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எண்ணைப் படிக்க மாட்டார்கள். தன் கடை எண் என்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே ப்ரூஃப் தாளின் அடியில் 15 கட்டம் வரைந்துவிடுகிறேன். அவர்கள் ஜிஎஸ்டி சான்றிதழைப் பார்த்து, தன் கையால் அந்தக் கட்டங்களை நிரப்ப வேண்டும். போன் நம்பருக்குப் பத்து கட்டம். வாட்ஸப் என்றால் எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும், நான் அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பினால் செல்லாது. எழுதியதையும் நான் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

அந்த எண்ணுக்கே ஒரு கட்டுமானம் இருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதல் இரண்டு இடம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் அந்தக் கடைக்காரரின் பான் எண். அதில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஒரு எழுத்து என்பது மாறாது. பதினான்காவது இடத்தில் பெரும்பாலும் 'இசட்' இருக்கும். அண்ணாச்சி எண்ணில் நான் '5' அடித்தது ஐந்தாவது இடத்தில். அங்கே இலக்கமே வர முடியாது. இது தெரிந்திருந்தால் யாரையும் கேட்காமல் நானே பிடித்திருப்பேன். இப்போது 'எஸ்'ஸா 5-ஆ, 'ஓ'வா பூஜ்யமா, 'பி'யா 8-ஆ என்ற சந்தேகம் வந்தால் அது எத்தனையாவது இடம் என்று எண்ணிப் பார்க்கிறேன். பாதி தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். மீதி பாதிக்குத்தான் அந்தக் கட்டங்கள்.

கலர் விஷயத்தில் போன் திரையை நம்பவே கூடாது. திரையில் பளிச்சென்று தெரிகிற நீலம் மேப்லித்தோவில் ஒரு படி மங்கும். அதற்காக ஒவ்வொருவருக்கும் மெஷின் ப்ரூஃப் போட முடியாது. நான்கு இங்க்கையும் வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்று தாளிலும் அடித்த பட்டை ஒன்றைக் கல்லாவில் தொங்கவிட்டிருக்கிறேன். அதைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். நீல இங்க் ரோஸ் தாளில் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும், மஞ்சளில் பச்சை தட்டும். சிவப்பு இங்க் ரோஸ் தாளில் படிக்கவே கஷ்டம். மங்களகரமாகச் சிவப்பில்தான் பில் வேண்டும் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பட்டையைப் பார்த்ததும் நீலத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

உண்மையில் பில் புக்குக்கு இந்த நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. நான்தான் "என்ன கலர் போடலாம்?" என்று கேட்டு ஆசையைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். இப்போது "நீலமா, கறுப்பா?" என்று மட்டும் கேட்கிறேன். பச்சைதான் வேண்டும் என்றால் வியாழக்கிழமை ஓடும், கழுவுகிற கூலி தனி. வேண்டும் என்பவர்கள் கொடுத்துவிட்டு வாங்கிப் போகிறார்கள்.

ஒரே பிளேட்டில் சேர்த்துப் போடுவதை விடவில்லை. ஆனால் நான்கு கையெழுத்தும் வந்த பிறகுதான். எண்ணிக்கை ஒத்துப் போக வேண்டும் என்பதிலும் கவனம். இருபது புக் கேட்கிறவருக்கு இரண்டு கால் கொடுத்தால் சரியாக வரும். ஐந்து புக் கேட்பவரைப் பத்து புக் ஆட்களோடு சேர்த்தால் அவர் பங்குத் தாளில் பாதி வீண். அவரிடம், "இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுத்தீங்கன்னா பத்தா வாங்கிக்கலாம்" என்று சொல்லிப் பார்ப்பேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் தனி.

அடுக்கி ஓட்டுவதால் வருகிற சங்கடங்களும் உண்டு. ஒற்றை மெரூன் வேலை கூட்டாளி கிடைக்காமல் ஆணியிலேயே தொங்கும். அதற்கு ஒரு வரம்பு வைத்தோம். ஆணியில் ஏறி இரண்டு ராத்திரி தாண்டிய கவரின் மூலையை மடித்துவிடுவோம். மூலை மடிந்தது தனியாக இருந்தாலும் மறுநாள் ஓடியாக வேண்டும், 45 நிமிடம் போனாலும் போகட்டும்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. துக்க வீட்டுக்காரர்களிடம் போய் கறுப்பு சாயங்காலம்தான் ஏறும் என்று சொல்ல முடியுமா? பக்கத்துத் தெருவில் ஒரு பிரஸ் இருக்கிறது. பள்ளிக்கூடக் கேள்வித்தாள்தான் அவர்கள் பிழைப்பு, மெஷினில் எந்நேரமும் கறுப்புதான். காலையில் எங்களிடம் சிவப்போ நீலமோ ஓடிக்கொண்டிருந்தால் போஸ்டரை அங்கே கொடுத்து அடித்து வாங்கிவிடுவோம். பதிலுக்கு அவர்களுக்கு வருகிற கலர் நோட்டீஸ் எங்கள் ஆணிக்கு வரும். ஆனால் போஸ்டருக்கும் ப்ரூஃப் உண்டு. அவசரத்தில்தான் பெயர் விட்டுப்போகும். மருமகன் பெயரை விட்டுவிட்டால் அந்தப் பகை காலத்துக்கும் நிற்கும். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, பெயர்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பிளேட்.

ஒன்று மட்டும் எங்களுக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. நீலம் ஓடுகிற நாளில் மதியம் இரண்டு மணிக்குள் ஆறேழு கடை பில்லும் மொத்தமாக வந்து விழும். அதுவரை பைண்டிங் அக்கா சும்மா இருப்பார். அதற்கு மேல் வெட்டவும், டிரெடிலில் நம்பர் அடிக்கவும், வெள்ளை ரோஸ் மஞ்சள் என்று கோர்க்கவும், தைக்கவும் ஒரே ஆள். "மெஷின்ல மிச்சம் புடிச்சத எல்லாம் என் தலையில கொட்டுறியே தம்பி" என்றார் ஒரு நாள். நியாயமான கேள்வி. இப்போது ஒரு நிறத்துக்குள் எதை முதலில் ஓட்டுவது என்பதை அவரே சொல்கிறார். நம்பரும் கோர்ப்பும் அதிகமாக உள்ள பில் புக் முதலில், வெட்டினால் போதும் என்கிற நோட்டீஸ் கடைசியில். அதனால் அட்டை கடைசியில்தான் என்ற எங்கள் வழக்கம் சில நாள் உடைகிறது. பத்து நிமிடம் கூடுதலாகப் போனால் அண்ணன் முணுமுணுப்பார். அக்கா ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.